கொட்டேஷனுக்குப் பதில் இல்லையா? மெயிலா, போனா, வாட்ஸ்அப்பா?

ஓர் அலுவலகத்தில் 12 கேமரா பொருத்த ஒன்றாம் தேதி கொட்டேஷன் அனுப்பியிருக்கிறீர்கள், 30 நாள் செல்லும் என்று வைத்துக்கொள்வோம். நான்கைந்து வேலை நாளாகியும் பதில் இல்லை. எந்த வழியில் கேட்பது?

முதலில் மெயில்தான். அதுவும் புதிதாக எழுதாமல், கொட்டேஷன் போன அதே மெயிலுக்கு ரிப்ளை போடுங்கள். நீங்கள் பேசியவர் பல நேரம் முடிவெடுப்பவராக இருக்க மாட்டார். மேலே காட்ட அவருக்கு எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ரிப்ளையில் பழைய இணைப்பு தானாகச் சேராது என்பதால் பிடிஎஃப்பை மறுபடி இணைத்துவிடுங்கள். தொகையை மாற்றாதீர்கள். கேட்காமலே விலையைக் குறைத்தால், முதலில் சொன்னது கூடுதல் விலை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

'பார்த்தீர்களா?' என்ற கேள்விக்குப் 'பார்க்கிறோம்' என்பதற்கு மேல் பதில் வராது. ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்:

"வணக்கம் சார், 12 கேமராவுக்கான கொட்டேஷனை வசதிக்காக மீண்டும் இணைத்துள்ளேன். பதிவுகளை 15 நாள் சேமிக்கும்படி கணக்கிட்டிருக்கிறேன். அது போதுமா, 30 நாள் தேவைப்படுமா? தேவையென்றால் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் மாற்றித் திருத்தி அனுப்புகிறேன்."

இதற்குப் பதில் வந்தால், வேலை உயிரோடு இருக்கிறதா என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

மெயிலின் பலவீனம், அது ஸ்பேமில் விழுந்ததா, படித்தும் ஒதுக்கப்பட்டதா என்று தெரியாதது. அங்கே போன் ஜெயிக்கிறது. ரிப்ளை போட்டு இரண்டு மூன்று வேலை நாள் கழித்துக் கூப்பிடுங்கள். "இப்போ ரெண்டு நிமிஷம் பேசலாமா சார்?" என்று கேட்டுவிட்டு, மெயில் கிடைத்ததா, முடிவு யார் கையில், எப்போது என்பதை மட்டும் விசாரியுங்கள். 'பட்ஜெட் ஒதுக்கவில்லை', 'இன்னொரு கொட்டேஷனுக்காகக் காத்திருக்கிறோம்' போன்றவற்றை எழுத்தில் தரத் தயங்குபவர்கள்கூடப் பேச்சில் சொல்லிவிடுவார்கள். ஆனால் எடுக்கவில்லை என்றால் அன்று மறுபடி அடிக்காதீர்கள். வரிசையாக நிற்கும் மிஸ்டு கால்கள் கடன் வசூல்போல் இருக்கும். பேசியதை அன்றே இரண்டு வரி மெயிலாக அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் பேசியதற்குப் பதிவே இருக்காது.

வாட்ஸ்அப், அவர் ஏற்கெனவே அதில் உங்களிடம் பேசியிருந்தால் மட்டும். அதுவும் 'மெயில் அனுப்பியிருக்கிறேன் சார்' என்பதோடு போதும். நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் இருவருக்குமே சங்கடம். அங்கே விலைப் பேச்சு தொடங்கினால் பேரம் துண்டு துண்டாக நீளும். கணக்குப் பிரிவுக்குக் காட்ட உருப்படியான தாளும் மிஞ்சாது.

மூன்றிலும் பதில் இல்லையென்றால், 25ஆம் தேதி வாக்கில் கடைசி மெயில்: "இந்த விலை 30ஆம் தேதி வரை செல்லும். இப்போதைக்கு வேலை இல்லையென்றால் ஒரு வரி சொல்லுங்கள், ஃபைலை மூடிவைக்கிறேன். பிறகு தேவைப்படும்போது புதிய விலை தருகிறேன்." இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு மௌனமாக இருப்பவர்கள் பெரும்பாலும் இதற்குத்தான் பதில் போடுவார்கள்.