ஆக்கிச் சொல்லும் பதிலா, எடுத்துச் சொல்லும் பதிலா: உழவருக்கான தொலைபேசிக் குரல் சேவையில் இரு வழிகள்

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கார் நெல் நட்ட ஒருவர், ஒரு குரல் சேவையை அழைத்து, "அம்பை பதினாறு, நட்டு இருவது நாளாச்சு, இலையெல்லாம் துருப்புடிச்ச மாதிரி இருக்கு, என்ன செய்ய?" என்று கேட்பதாகக் கொள்வோம். பேச்சை எழுத்தாக்கி, பதிலைத் தேடி, அதைக் குரலாக்கித் தருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. எழுத்தைத் தானே ஆக்கும் செயற்கை நுண்ணறிவான மொழி மாதிரியே பதிலை உடனுக்குடன் ஆக்கிச் சொல்லலாம். அல்லது வேளாண் வல்லுநர் சரிபார்த்து வைத்த பதில்களிலிருந்து பொருத்தமானதை எடுத்துச் சொல்லலாம்.

சிக்கல் முதல் சொல்லிலேயே தொடங்குகிறது. சாதாரணத் தொலைபேசி ஒலி ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்துவதால், நெல் ரகத்தின் பெயரான "அம்பை" என்பது "அன்பை" என்று எழுத்தாகிவிடக்கூடும். ஆக்கும் வழியில் அந்தப் பிழை அப்படியே பதிலுக்குள் போய்விடும். மாதிரியோ தயக்கமின்றிப் பேசும். எடுக்கும் வழியில் நெல் ரகங்களின் பட்டியல் கையில் இருப்பதால், "அம்பை 16 தானே?" என்று திருப்பிக் கேட்டுத் திருத்திக்கொள்ள முடிகிறது.

நடவுக்குப் பின் தோன்றும் துரு நிறப் புள்ளிகள் துத்தநாகக் குறையாக இருக்கலாம்; செம்புள்ளி நோயாகவும் இருக்கலாம். ஆகவே இளம் இலையின் அடிப்பகுதியில் நடுநரம்பு வெளுத்திருக்கிறதா என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் எந்த வழியும் மருந்து சொல்லக் கூடாது. வெளுத்திருந்தால் 0.5 சதவீத ஜிங்க் சல்பேட்டும் 1 சதவீத யூரியாவும் கலந்த கரைசலைத் தெளிக்க வேண்டும். அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு ஜிங்க் சல்பேட் 50 கிராம், யூரியா 100 கிராம்.

நான் எடுக்கும் வழியின் பக்கம் சாய்வதற்குக் காரணம் இந்த எண்கள்தான். குரலாக்கும் கட்டத்தில் 0.5 என்பதன் புள்ளி விழுந்து "ஐந்து சதவீதம்" என்று ஒலித்தால், அளவு பத்து மடங்காகி இலை கருகிவிடும். கேட்பவர் கையில் ஒப்பிட்டுப் பார்க்க எழுத்தும் இருக்காது. முன்கூட்டியே எழுதப்பட்ட பதிலில் சதவீதத்தையே தவிர்த்து "பத்து லிட்டருக்கு ஐம்பது கிராம்" என்று எழுத்தால் எழுதி, ஒலிப்பதிவை ஒருமுறை காதால் கேட்டுச் சரிபார்த்துவிடலாம். உடனுக்குடன் பிறக்கும் பதிலை அப்படிக் கேட்டுப் பார்க்க ஆளில்லை.

காத்திருப்பும் இதையொட்டியதே. பதில் உருவாகும்வரை மௌனம் நீண்டால் அழைத்தவர் "ஹலோ, ஹலோ" என்பார். அதையே புதிய கேள்வியாக எடுத்துக்கொண்டு சேவை தடம் மாறிவிடும். ஆயத்தமான ஒலிப்பதிவில் இது குறைவு.

எனினும் எடுக்கும் வழிக்கு ஒரு பெருங்குறை உண்டு. தொகுப்பில் இல்லாத கேள்விக்கும் அது அருகிலுள்ள ஏதோவொரு பதிலைத் தூக்கித் தரும். பொருத்த மதிப்பெண் குறைந்தால் "இதற்கு விடை இல்லை" என்று சொல்லி, 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணைத் தரும்படி அதை அமைத்தாக வேண்டும். மொழி மாதிரியைக் கேள்வியின் வட்டார வழக்கைப் புரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்தி, அளவைச் சொல்லும் வேலையைத் தொகுப்பிடமே விட்டுவிடலாம்.