காஸ், ஜோர்டன், கிராமர்: மூன்று சமன்பாடுகளுக்கு எந்த வழி?

x, y, z என மூன்று மாறிகள், மூன்று நேரிய சமன்பாடுகள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தின் முதல் அத்தியாயமே இதற்குப் பல வழிகளைக் கற்றுத்தருகிறது. தேர்வில் வினாவே வழியைச் சொல்லிவிடும். சொல்லாதபோது எதை எடுப்பது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரைச் செயலிகளைக் கொண்டு அணியை ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவருவதே எப்போதும் முதல் வேலை. அங்கேயே நிற்பதா, மேலும் சுருக்குவதா என்பதைக் கடைசி நிரையைப் பார்த்த பிறகு முடிவு செய்ய வேண்டும். கிராமரின் விதிக்கு ஒரு குறுகிய இடம்தான் உண்டு.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு மூன்று வழிகளிலும் போய்ப் பார்க்கலாம்.

```
 x + 2y +  z = 3
2x + 5y + 3z = 7
3x + 4y -  z = 3
```

மாறிகளை விட்டுவிட்டு எண்களை மட்டும் எழுதினால் விரிவுபடுத்தப்பட்ட அணி கிடைக்கும். முதல் நிரையைப் பயன்படுத்தி அதன் கீழுள்ள 2, 3 ஆகியவற்றைப் பூச்சியமாக்குகிறோம்: R2 → R2 - 2R1, R3 → R3 - 3R1. பிறகு R3 → R3 + 2R2.

```
1  2  1 |  3        1  2  1 |  3
0  1  1 |  1   →    0  1  1 |  1
0 -2 -4 | -6        0  0 -2 | -4
```

படிக்கட்டுபோல் கீழே பூச்சியங்கள் நிற்கும் இதுதான் ஏறுபடி வடிவம். காஸ் முறை இங்கே நின்றுவிடுகிறது. கடைசி நிரை -2z = -4 என்கிறது; z = 2. இரண்டாம் நிரையில் அதை இட்டால் y + 2 = 1, ஆகவே y = -1. முதல் நிரையில் x - 2 + 2 = 3, ஆகவே x = 3. கீழிருந்து மேலே ஏறும் இந்தப் படிதான் பின்னோக்கிப் பிரதியிடல்.

ஜோர்டன் முறை நிற்காமல் மேலும் போகிறது. கடைசி நிரையை -2 ஆல் வகுத்து, அதைக் கொண்டு மேலே உள்ள z இடங்களைப் பூச்சியமாக்கி, பிறகு இரண்டாம் நிரையைக் கொண்டு முதல் நிரையின் y இடத்தையும் பூச்சியமாக்குகிறது.

```
1 0 0 |  3
0 1 0 | -1
0 0 1 |  2
```

இதில் கணக்கிட எதுவும் மீதி இல்லை, விடையை வலப்பக்க நிரலில் அப்படியே படித்துவிடலாம். (இந்த ஜோர்டன் 1888இல் இம்முறையை வெளியிட்ட ஜெர்மானிய நிலஅளவை வல்லுநர் வில்ஹெல்ம் ஜோர்டன். பிரெஞ்சுக் கணிதமேதை கமில் ஜோர்டன் வேறொருவர். இருவரையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.)

கிராமரின் விதிக்கு நான்கு அணிக்கோவைகள் தேவை. இங்கே கெழுக்களின் அணிக்கோவை Δ = -2; அதில் x, y, z நிரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வலப்பக்க எண்களை இட்டால் Δ1 = -6, Δ2 = 2, Δ3 = -4. இவற்றை Δ ஆல் வகுத்தால் அதே 3, -1, 2.

உழைப்பை எண்ணிப் பார்க்கலாம். மூன்று மாறிகளுக்குப் பெருக்கலும் வகுத்தலுமாகப் பொதுவாக காஸ் முறைக்கு 17, மேலே செய்த வரிசையில் போகும் ஜோர்டன் முறைக்கும் அதே 17, அணிக்கோவைகளை வழக்கம்போல் விரித்தெழுதும் கிராமரின் விதிக்கு 39. ஒரே தீர்வு உள்ள கணக்கில் காஸுக்கும் ஜோர்டனுக்கும் எண்ணிக்கையில் இடைவெளி இல்லை. ஆனால் கையால் போடும்போது ஜோர்டனின் கூடுதல் படிகளில் பின்னங்கள் நுழைகின்றன, ஒவ்வொரு படியிலும் முழு நிரையைத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. அதனால் ஒரே தீர்வு என்று தெரிந்துவிட்டால் ஏறுபடி வடிவத்திலேயே நின்றுவிடுவேன். கிராமரின் விதியைத் தொடுவது z மட்டும் வேண்டும் என்பதுபோல ஒரே ஒரு மாறியைக் கேட்கும்போதுதான்.

உண்மையான வேறுபாடு கணக்கு நேராகப் போகாத இடத்தில்தான் தெரியும். மூன்றாம் சமன்பாட்டை 3x + 4y + λz = μ என்று மாற்றிவிடுங்கள். அதே மூன்று செயலிகளைச் செய்தால் கடைசி நிரை இப்படி வரும்:

```
0  0  λ-1 | μ-7
```

எல்லா நிலைமைகளும் இந்த ஒரே வரியில் அடங்கிவிட்டன. λ ≠ 1 என்றால் μ எதுவானாலும் ஒரே தீர்வு. λ = 1, μ ≠ 7 என்றால் வரி பொய் சொல்கிறது. எடுத்துக்காட்டாக μ = 3 எனில் 0 = -4 என்று வரும்; தொகுப்பு ஒருங்கமைவு அற்றது, தீர்வே இல்லை. λ = 1, μ = 7 என்றால் வரி முழுவதும் பூச்சியம்; எண்ணற்ற தீர்வுகள். இங்கே பலர் செய்யும் பிழை, λ - 1 ஆல் உடனே வகுத்துவிடுவது. அது பூச்சியமாக இருக்கும் நிலைமையைத் தனியே பிரிக்காமல் வகுத்தால், வினா கேட்ட மூன்றில் இரண்டு நிலைமைகள் காணாமல் போய்விடும்.

கிராமரின் விதி இந்த இடத்தில் வாய்மூடிவிடுகிறது. Δ = λ - 1 என்பதால் λ = 1 தான் சிக்கலான இடம் என்பதை மட்டும் அது காட்டும். Δ பூச்சியமாகி, Δ1, Δ2, Δ3 ஆகியவற்றில் ஒன்றாவது பூச்சியமற்றதாக இருந்தால் தீர்வு இல்லை எனலாம். நான்குமே பூச்சியமானால் எண்ணற்ற தீர்வுகள் என்று சிலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அது தவறு. x+y+z = 1, x+y+z = 2, x+y+z = 3 என்று எடுத்துப் பாருங்கள். நான்கு அணிக்கோவைகளும் பூச்சியம். தீர்வோ ஒன்றுகூட இல்லை. நிரைகளைச் சுருக்கினால் 0 = 1 என்ற வரி முதல் படியிலேயே வந்து நின்றுவிடும்.

எண்ணற்ற தீர்வுகள் உள்ள நிலைமையில்தான் ஜோர்டன் முறை தன் கூலியைத் திருப்பித் தருகிறது. ஏறுபடி வடிவத்தில் R1 → R1 - 2R2 என்று ஒரே ஒரு படி கூடப் போனால் போதும்.

```
1 0 -1 | 1
0 1  1 | 1
0 0  0 | 0
```

முதல் இரண்டு நிரல்களில் மட்டுமே நிரையின் தொடக்க 1 இருக்கிறது. மூன்றாம் நிரலுக்கு அது இல்லை, ஆகவே z எந்த மதிப்பையும் ஏற்கலாம்; z = t என்று வைக்கிறோம். நிரைகளை மறுபடி சமன்பாடுகளாக எழுதினால் x - t = 1, y + t = 1. ஆகவே x = 1 + t, y = 1 - t, z = t. சமன்பாடாக எழுதிப் பார்க்காமல் அணியிலிருந்து நேரே விடைக்குத் தாவும்போதுதான் குறி பிசகுகிறது: -1 ஐப் பார்த்து x = 1 - t என்று எழுதிவிடுகிறார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் போகும் எண் குறி மாறியே போகும்.

இன்னொரு பிழை கண்ணில் படாமல் நுழைவது. ஒரே படியில் R1 → R1 - R2, R2 → R2 - R1 என இரண்டையும் பழைய நிரைகளைக் கொண்டே செய்தால், ஒன்று மற்றொன்றின் எதிர்க்குறியாக மட்டுமே இருக்கும். ஒரு சமன்பாடு தொலைந்துபோய், ஒரே தீர்வு உள்ள கணக்குகூட எண்ணற்ற தீர்வுகள் உள்ளதுபோல் தோன்றும். எந்த நிரையைக் கொண்டு கழிக்கிறோமோ அதை அந்தப் படியில் மாற்றக் கூடாது.

சரிபார்ப்பது எளிது, ஆனால் சரியான இடத்தில் செய்ய வேண்டும். சுருக்கிய நிரைகளில் விடையை இட்டுப் பார்த்தால் அவை எப்போதும் பொருந்தவே செய்யும். சுருக்கும்போது நேர்ந்த பிழை வெளியே வராது. வினாவில் தந்த சமன்பாடுகளில் இட வேண்டும், அதுவும் மூன்றிலும். மேலே உள்ளதற்கு மூன்றாவதை மட்டும் போட்டுக் காட்டுகிறேன்: 3(1 + t) + 4(1 - t) + t = 7. t முழுவதும் நீங்கி 7 மட்டும் மிஞ்சுகிறது. t மிச்சமிருந்தால், எங்கோ ஒரு குறி புரண்டிருக்கிறது.