திருகோணமலையில் "இண்டைக்கு வந்த சூரை" என்று விற்கும் பைகள்: வாங்க முன் அடியைப் பாருங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, டவுனுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மீன் கடையில் நாலு கிலோ சூரை வாங்கினேன். கிலோ 1900 ரூபாய். கடையின் பெயரைப் போடவில்லை, கேட்டு இன்பொக்ஸுக்கு வராதீர்கள். இந்த வேலையை ஒரு கடை மட்டும்தான் செய்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் வீட்டில் சமைத்து மத்தியானப் பார்சல் கொடுப்பவள். மீனை வழக்கமாக விடியக் காலையில் கரையில் ஏலம் போகும்போதே எடுத்துவிடுவேன். அன்று மகளுக்குக் காய்ச்சல், வெளிக்கிட்டதே பத்தரை மணிக்கு. கடைக்காரத் தம்பி, "அக்கா, இண்டைக்குக் காலமை வந்த மீன், இப்பதான் வெட்டினது" என்றார். ரெஜிபோம் பெட்டியில், ஐஸுக்கு நடுவில், இரண்டு கிலோப் பைகளாகக் கட்டி வைத்திருந்தார். துண்டுகளின் நிறம் மங்கல்தான். ஓரம் கொஞ்சம் மண்ணிறமாக இருந்தது. பைக்குள் சிவப்புத் தண்ணீரும் நின்றது. ஐஸில் கிடந்தால் தண்ணீர் நிற்கும்தானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினெட்டு வருஷமாக மீன் வெட்டுகிற கைக்கு இது வெட்கக்கேடு.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பையையும் பிறீசரில் போட்டேன். செவ்வாய் இரவு ஒன்றை எடுத்து, பிரிட்ஜின் கீழ்த்தட்டில், வடிதட்டில் வைத்து, கீழே ஒரு கிண்ணம் வைத்தேன். புதன் காலை கிண்ணம் நிறைந்திருந்தது. கணக்குப் பார்ப்பவள் என்பதால் தராசில் வைத்தேன். இரண்டு கிலோ மீன் ஒரு கிலோ 680 கிராமாக நின்றது. 600 ரூபாய்க்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துச் சிவப்புத் தண்ணீர் வாங்கியிருக்கிறேன். கரையில் வாங்கி நானே உறையவைக்கும் சூரை இப்படி இளகினால் எனக்கு நூறு கிராம்கூடக் குறைவதில்லை.

ஏன் இப்படி என்று சொல்கிறேன். மீன் உறையும்போது அதற்குள் இருக்கும் தண்ணீர் ஐஸ் பளிங்காக மாறும். மெதுவாக உறைந்தால் பளிங்கு பெரிதாக வளரும், கூரான முனை தசையின் கலங்களைக் கிழிக்கும். இளகும்போது அந்தக் கிழிசல் வழியாகச் சாறு வெளியே போய்விடும். ஒருமுறை என்றால் இழப்பு கொஞ்சம். இளகியதைத் திருப்பி உறையவைத்தால் ஏற்கெனவே கிழிந்த இடத்தில் மறுபடி பெரிய பளிங்கு வளரும். அதோடு, சாற்றைப் பிடித்து வைத்திருக்கும் புரதமும் ஒவ்வொரு தடவையும் கெட்டு, பிடிக்கும் சக்தியை இழக்கும். மாட்டிறைச்சி இதைக் கொஞ்சம் தாங்கும். மீனின் தசை மென்மை, தாங்காது. சூரை போன்ற கொழுப்பு உள்ள மீன் என்றால் கொழுப்பும் காறிப் போகும்.

அன்று ஓடருக்குக் கோழி. அது என் நல்ல காலம். மீன் வீட்டுக்கு மட்டும்தான். பொரிக்கப் போட்டால் எண்ணெய் வெடித்து அடுப்பெல்லாம் தெறித்தது. திருப்பினால் துண்டு இதழ் இதழாகப் பிரிந்தது. வாயில் வைத்தால் ஒரு பக்கம் சக்கை, மறுபக்கம் கூழ். நாக்கு நுனியில் மிளகு கடித்தது மாதிரி ஒரு சுள்ளென்ற எரிச்சல். மிளகாய்த்தூள் கூடிவிட்டது என்று நினைத்தேன்.

சாப்பிட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை, இவருக்கு முகம், கழுத்து, காது எல்லாம் செக்கச் சிவந்துவிட்டது. தலையிடி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் சூடு. எனக்கும் கொஞ்சம் இருந்தது. மகளுக்கு ஒன்றுமே இல்லை. அம்மா, "சூரை கிரந்தி மீன், உனக்குத் தெரியாதா" என்றார். இருபது வருஷமாகச் சூரை தின்கிற மனுசனுக்கு அன்றைக்கு மட்டும் எப்படிக் கிரந்தி? ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஒரு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மீன், எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது?"

அவர் சொன்னதும், ஏற்றுமதி மீன் தொழிற்சாலையில் வேலை செய்த என் மச்சான் சொன்னதும் ஒன்றுதான். சூரை, கெலவல்லா, கும்பளா போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்ரிடின் என்ற பொருள் இயல்பாகவே அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் பக்றீரியாக்கள் அதை ஹிஸ்ரமினாக மாற்றும். ஒருமுறை உருவாகிவிட்டால் உறையவைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. மணத்திலும் தெரியாமல் இருக்கலாம். ஒரே மீனில் ஒரு துண்டில் நிறைய இருக்கும், பக்கத்துத் துண்டில் இராது. மகள் தப்பியது அதனால் இருக்கலாம். நம் ஊரில் கிரந்தி என்று மீனின் தலையில் கட்டிவிடும் பழியில் எவ்வளவு இதுவாக இருக்குமோ!

மறுநாள் அடுத்த பையையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "அக்கா, பிறீசரில் வச்ச மீன் எப்பிடிப் பழுதாகும்?" என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படி நம்புகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. இதைப் பதிவாக எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

அங்கே முன்பு வேலை செய்த ஒரு பையன் பிறகு சொன்னான்: "அன்ரி, பகலில மேசையில கிடக்கும். பின்னேரம் மிச்சத்தைத் திருப்பிப் பிறீசருக்க போடுவம். விடிய எடுத்துத் தண்ணி ஊத்தினா இளகிரும்." கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு வெளியே வந்து மாலை ஆறு மணிக்கு உள்ளே போனால் பத்து மணித்தியாலம். ஐஸ் கொஞ்சம் தூவியிருப்பார்கள், மேலே இருக்கும் பைக்கு அது போதாது. மூன்று நாள் விற்காமல் கிடந்தால் முப்பது மணித்தியாலம். நிறைந்த பிறீசரில் கட்டியாகப் போட்ட இரண்டு கிலோப் பையின் நடுப்பகுதி குளிர்வதற்கே பல மணித்தியாலம் பிடிக்கும், அந்த நேரத்தையும் சேருங்கள். பிறீசர் பக்றீரியாவைக் கொல்வதில்லை. பெருக விடாமல் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். ஓடிய நேரம் ஓடியதுதான். வெளியே எடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

இதைப் படித்துவிட்டு, இளகியதைத் திருப்பி உறையவைக்கவே கூடாது என்று எல்லாவற்றையும் குப்பையில் கொட்டாதீர்கள். எங்கே இளகியது என்பதுதான் கேள்வி. பிரிட்ஜுக்குள், 4 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல் இளகிய மீனையும் இறைச்சியையும் சமைக்காமலே திருப்பி உறையவைக்கலாம், ஆபத்து இல்லை. சுவையும் சாறும்தான் குறையும். மீன், கோழி, அரைத்த இறைச்சி என்றால் இளகி ஒன்றிரண்டு நாளுக்குள், மாட்டிறைச்சித் துண்டு என்றால் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் முடிவெடுங்கள். தண்ணீரில் போட்டோ மைக்ரோவேவிலோ இளக்கியிருந்தால் முதலில் சமையுங்கள், பிறகு கறியாக உறையவைக்கலாம். வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தது என்றால் திருப்பி வைக்காதீர்கள். 32 பாகைக்கு மேல் சூடு என்றால் அந்தக் கணக்கு ஒரு மணித்தியாலம்தான். நம் ஊர் வெயிலுக்கு ஒரு மணித்தியாலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கறன்ட் போனாலும் இதே கணக்கு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது நான் பிறீசர் கதவைத் திறக்கவே விடவில்லை. நிறைந்த பிறீசர் மூடியபடி இருந்தால் ஏறத்தாழ இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். திறந்து பார்க்கும்போது துண்டுக்குள் ஐஸ் பளிங்கு இன்னும் இருந்தால் திருப்பி உறையட்டும். முழுக்க இளகிச் சூடேறியிருந்தால், அதுவும் சூரை என்றால், எறியுங்கள்.

இரண்டு தடவை உறைந்த மீன் பாதுகாப்பாக இருந்தாலும் பொரியலுக்கு எடுக்காதீர்கள். புளி விட்டுக் குழம்பு வையுங்கள், இல்லாவிட்டால் கட்லட்டுக்குப் போடுங்கள், சக்கை தெரியாது. இனி வாங்கி வந்தால் ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவை மட்டும் பையில் தட்டையாகப் பரப்பி உறையவையுங்கள். கட்டியாக வைப்பதைவிடச் சீக்கிரம் உறையும். மிச்சத்தைத் திருப்பி வைக்கும் தேவையே வராது.

கடையில் உறைந்த பை வாங்கினால் கவிழ்த்து அடியைப் பாருங்கள். சாறு ஒரு பக்கம் வழிந்து இளஞ்சிவப்பு ஐஸாக உறைந்திருந்தால், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பையின் வடிவத்துக்கே உருமாறியிருந்தால், அது இடையில் ஒருதரம் இளகியது. பச்சை மீன் என்று விற்றால் முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள். கண் பால் போல மங்கி, செவுள் மண்ணிறமாக, விரலால் அமத்தினால் குழி நின்றால் விட்டுவிடுங்கள். ஆனால் இவை எல்லாம் சரியாக இருந்தும் ஹிஸ்ரமின் இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாக்கில் மிளகுச் சுள் வந்தால் அந்தக் கவளத்தோடு நிறுத்துங்கள்.

மற்றப் பையை எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்து முறைப்பாடு எழுதினேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் சொன்னேன். அதைக் கேள்விப்பட்டோ என்னவோ, கடைக்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். "அக்கா, பிரச்சினை வேண்டாம், இதைக் கொண்டு போங்க" என்று புதிதாக ஒரு இரண்டு கிலோப் பையை நீட்டினார். கல்லு மாதிரி உறைந்திருந்தது. வாங்கிக் கவிழ்த்தேன். ஒரு மூலையில், என் பெருவிரல் கனத்துக்கு, இளஞ்சிவப்பு ஐஸ். மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.