செட்-டாப் பாக்ஸ் பதிவுக்குப் பென் டிரைவா, ஹார்ட் டிஸ்கா?

செட்-டாப் பாக்ஸின் யூஎஸ்பி துளையில் பென் டிரைவையும் செருகலாம், 2.5 அங்குல ஹார்ட் டிஸ்கையும் இணைக்கலாம், எஸ்எஸ்டியையும் இணைக்கலாம். பென் டிரைவில் தொடங்கிப் பின்னர் ஹார்ட் டிஸ்குக்கு மாறிய நான், இப்போது ஹார்ட் டிஸ்கின் பக்கமே நிற்கிறேன். விலையும் கொள்ளளவும் எல்லோரும் அறிந்தவை. பதிவு பாதியில் நின்றுபோவதில் முதலில் கவனிக்க வேண்டியது, தரவை எழுதும் வேகம் சீராக இருக்கிறதா என்பதைத்தான்.

ஒரு எச்டி சேனல் நொடிக்கு 10 மெகாபிட் அளவில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 1.25 எம்பி மட்டுமே. பென் டிரைவின் உறையில் நொடிக்கு 100 எம்பி என்று அச்சிட்டிருக்கும்போது இது எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் உறையில் உள்ள எண் பெரும்பாலும் படிக்கும் வேகத்தையே குறிக்கிறது. எழுதும் வேகம் அதைவிட மிகக் குறைவாக இருக்கலாம். அதைவிட முக்கியமானது, பென் டிரைவின் நினைவகத்தில் பழைய தரவின் மேல் அப்படியே எழுத முடியாது என்பதாகும். ஒரு பெரிய தொகுதியை முழுவதுமாக அழித்த பிறகே அங்கே புதிதாக எழுத முடியும். காலித் தொகுதிகள் தீரும்போது டிரைவ் உள்ளுக்குள் தரவை இடம் மாற்றத் தொடங்குகிறது. மலிவான டிரைவ்கள் அந்த நேரத்தில் ஓரிரு நொடிகள்கூட எதையும் வாங்கிக்கொள்ளாமல் நின்றுவிடும். ஒளிபரப்பு அதற்காகக் காத்திருப்பதில்லை. பாக்ஸின் இடைநினைவகம் சிறியது என்பதால் அது நிரம்பி வழிந்தவுடன் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, அல்லது பதிவே நின்றுவிடுகிறது. நேரலையை நிறுத்திவைத்துப் பின்னர் பார்க்கும் டைம்ஷிஃப்ட் வசதியில் எழுதுவதும் படிப்பதும் ஒரே சமயத்தில் நடப்பதால் சிக்கல் இன்னும் விரைவில் வெளிப்படும்.

இதைக் கணினியிலேயே சோதித்துப் பார்க்கலாம். 8 ஜிபி அளவுள்ள இடம் கிடைக்கும்படி செய்து, சில ஜிபி கொண்ட வீடியோ கோப்புகளை டிரைவுக்கு நகலெடுத்தபடி வேக வரைபடத்தைக் கவனியுங்கள். தொடக்கத்தில் 20 எம்பி காட்டி, பிறகு 4 எம்பிக்கு இறங்கி, அவ்வப்போது சுழியத்தைத் தொட்டால் அந்த டிரைவ் பதிவுக்கு உதவாது. சராசரி 4 எம்பி நம் தேவையைப் போல மூன்று மடங்குக்கும் மேல்தான்; ஆனாலும் சுழியமாக நிற்கும் அந்த நொடிகளே பதிவைக் கெடுக்கின்றன. நல்ல நிலையில் உள்ள ஹார்ட் டிஸ்கில் இந்தக் கோடு பெரிதாக ஏறி இறங்காமல் செல்லும்.

ஹார்ட் டிஸ்கின் குறை மின்சாரம். யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லிஆம்பியர். தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் டிஸ்க் அதைவிட அதிகம் கேட்கலாம். டிக் டிக் என்ற ஓசையும், டிஸ்க் திரையில் தோன்றித் தோன்றி மறைவதும் அதன் அடையாளங்கள். தனி அடாப்டருடன் வரும் யூஎஸ்பி ஹப் இதைத் தீர்த்துவிடும். உறங்கிவிட்ட டிஸ்க் எழுந்து சுழலச் சில நொடிகள் ஆகும் என்பதால், நேரம் குறித்துவைக்கும் பதிவை ஓரிரு நிமிடங்கள் முன்னதாகத் தொடங்கும்படி வைப்பது நல்லது. எஸ்எஸ்டியில் ஓசையும் இல்லை, சுழற்சியும் இல்லை. ஆயினும் அதை நான் குறுகிய காலமே பயன்படுத்தியிருப்பதால், நீண்ட கால உழைப்பைப் பற்றி உறுதி கூற மாட்டேன்.

எந்தச் சாதனமானாலும் பார்மட் தவறாக இருந்தால் வேகம் கைகொடுக்காது. FAT32 முறையில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மேலே சொன்ன எச்டி சேனலில் அந்த எல்லை ஏறத்தாழ 57 நிமிடங்களில் வந்துவிடும். பல பாக்ஸ்கள் பதிவைத் துண்டு துண்டாகப் பிரித்து இதைச் சமாளிக்கின்றன. அவ்வாறு செய்யாதவற்றில் ஒரே சேனலின் பதிவுகள் எப்போதும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் நிற்கும். வேகக் குறைவால் நிற்பவையோ ஒருமுறை 10 நிமிடத்திலும் மறுமுறை 40 நிமிடத்திலும் நிற்கும். இந்த வேறுபாட்டைக் கொண்டே குறை பார்மட்டில் உள்ளதா, டிரைவில் உள்ளதா என்று பெரும்பாலும் பிரித்தறியலாம். NTFS, exFAT ஆகியவற்றை எல்லா பாக்ஸ்களும் ஏற்பதில்லை. சில NTFS டிஸ்கிலிருந்து படிக்கும், ஆனால் அதில் எழுதாது. எனவே கணினியில் பார்மட் செய்வதைவிட, பாக்ஸின் மெனுவிலேயே செய்வது பாதுகாப்பானது. அதில் பழைய கோப்புகள் அழிந்துவிடும் என்பதையும், பாக்ஸ் ext4 முறையைத் தேர்ந்தால் விண்டோஸ் கணினி அந்த டிஸ்கை நேரடியாகத் திறக்காது என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

பதிவுக் கோப்பு இருந்தும் ஓடவில்லை என்றால், பதிவு நடக்கும்போதே மின்சாரம் போனதா, டிரைவைப் பிடுங்கினோமா என்று பாருங்கள். முறையாக மூடப்படாத கோப்பைப் பாக்ஸ் திறக்காமல் போகலாம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படம் உடைந்தால், அந்தப் பகுதி பெரும்பாலும் பதிவின்போதே தவறியிருக்கும். வெவ்வேறு இடங்களில் உடைந்தால், படிப்பதில் உள்ள தடையைச் சந்தேகிக்க வேண்டும். கட்டணச் சேவைகளின் பாக்ஸ்கள் பதிவை அந்தப் பாக்ஸுக்கு மட்டுமே உரிய சாவியால் பூட்டிவைப்பது வழக்கம். அத்தகைய கோப்பு வேறு பாக்ஸிலோ கணினியிலோ ஓடாது, நகலெடுத்தாலும் பயனில்லை. ஆகவே பாக்ஸை மாற்றும் நாள் நெருங்கினால், அதற்கு முன்பே அந்தப் பதிவுகளைப் பார்த்து முடித்துவிடுங்கள்.