கவுண்டர் நோட்டிஸ் போடும் முன் படியுங்கள்: உங்கள் வீட்டு முகவரி புகார் கொடுத்தவருக்கே போகும்

யூடியூபில் பொய்யாக ஒரு காப்பிரைட் ஸ்ட்ரைக் விழுந்தால், "உடனே கவுண்டர் நோட்டிஸ் போடு" என்று நாலு பேர் சொல்வார்கள். வீடியோ தவறாக நீக்கப்பட்டது என்று யூடியூபுக்கு எழுதிக் கொடுக்கும் அந்த மறுப்பு சரியான வழிதான். ஆனால் அந்தப் படிவத்தில் நீங்கள் எழுதும் முழுப் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் புகார் கொடுத்தவருக்கே அனுப்பப்படும். புகாரே மோசடி என்றால், உங்கள் வீட்டு முகவரி மோசடிக்காரர் கையில்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒருவர்மேல் யூடியூபே வழக்குப் போட்டது. மைன்கிராஃப்ட் விளையாட்டு வீடியோ போடுபவர்கள்மேல் அவர் பொய்ப் புகார் கொடுத்து ஸ்ட்ரைக் விழ வைத்தார், அதை விலக்கிக்கொள்ளப் பணம் கேட்டார் என்பது குற்றச்சாட்டு. ஒருவரிடம் கேட்ட தொகை பேபாலில் 150 டாலர், பிட்காயினில் கொடுத்தால் 75. இன்னொருவர் கவுண்டர் நோட்டிஸ் போட்ட சில நாட்களில், யாரோ பொய்த் தகவல் கொடுத்து அவர் வீட்டுக்குப் போலீஸை வரவழைத்தார்கள். முகவரி அந்த நோட்டிஸிலிருந்து போனது என்று யூடியூப் சொன்னது. கடைசியில் 25,000 டாலரும் பகிரங்க மன்னிப்பும் என்று சமரசம் ஆனது.

ஆகவே முதலில் உங்களுக்கு வந்திருப்பது என்ன என்று யூடியூப் ஸ்டுடியோவில் பாருங்கள். யூடியூபின் தானியங்கிச் சோதனையில் சிக்கி வரும் கன்டென்ட் ஐடி கிளெய்ம் என்றால் ஸ்ட்ரைக் இல்லை, கவுண்டர் நோட்டிஸும் இல்லை. டிஸ்ப்யூட் போட்டால் எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். வீடியோவே நீக்கப்பட்டு ஸ்ட்ரைக் விழுந்திருந்தால்தான் இந்தப் பதிவு உங்களுக்கு. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் என்றால் சேனலே போய்விடும். பதற்றத்தில் வீடியோவை நீங்களே டெலீட் செய்யாதீர்கள். அதனால் ஸ்ட்ரைக் போகாது.

ஓர் உதாரணம். ஊர்த் திருவிழாவை நீங்களே படம்பிடித்து ஏற்றுகிறீர்கள். ஒருவர் அதை டவுன்லோட் செய்து தன் சேனலில் போட்டுவிட்டு, உங்கள்மேலேயே புகார் கொடுக்கிறார். ஸ்ட்ரைக் விவரத்தில் அவருடைய மெயில் ஐடி இருக்கும். முதலில் அதற்கு எழுதி, புகாரை விலக்கிக்கொள்ளக் கேளுங்கள். இதற்கு உங்கள் முகவரி தேவையில்லை. பணம் கேட்டுப் பதில் வந்தால் கொடுக்காதீர்கள், அந்த மெயிலை அழிக்கவும் செய்யாதீர்கள். கேமராவின் மூலக் கோப்புகளைத் தேதியோடு தனியாக எடுத்து வையுங்கள்.

விலக்கவில்லை என்றால் கவுண்டர் நோட்டிஸ். காரணத்தைச் சுருக்கமாக, நிரூபிக்கக்கூடியதாக எழுதுங்கள்: "காட்சிகள் அனைத்தையும் நானே எடுத்தேன், மூலக் கோப்புகள் என்னிடம் உள்ளன." "கிரெடிட் கொடுத்தேன்", "பத்து விநாடிதான்", "மற்ற சேனல்களிலும் இருக்கிறது" என்பவை காரணமாகாது. இதே வீடியோவின் பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டின் ரெக்கார்டிங்கை நீங்கள் சேர்த்திருந்து, புகார் அந்தப் பாட்டுக்கு வந்திருந்தால் கதையே வேறு. காட்சி உங்களுடையது என்பதால் பாட்டும் உங்களுடையதாகிவிடாது. அங்கே கவுண்டர் நோட்டிஸ் போடுவது ஆபத்து.

ஏன் ஆபத்து என்றால், அந்தப் படிவத்தில் இரண்டு உறுதிமொழி இருக்கிறது. ஒன்று, தவறுதலாகவே வீடியோ நீக்கப்பட்டது என்று மனப்பூர்வமாக நம்புவதாக, பொய்ச் சாட்சியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டுச் சொல்கிறீர்கள். தெரிந்தே பொய் சொன்னால், எதிர்த்தரப்பின் நஷ்டத்தையும் வக்கீல் செலவையும் கட்ட வேண்டி வரலாம். பொய்ப் புகார் கொடுத்தவருக்கும் அதே சட்டப்பிரிவுதான், அமெரிக்காவின் காப்பிரைட் சட்டமான டிஎம்சிஏவின் 512(f). இரண்டாவது, நீங்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால், யூடியூப் இருக்கும் கலிஃபோர்னியா மாவட்டத்தின் ஃபெடரல் நீதிமன்றத்துக்குக் கட்டுப்படவும், புகார்தாரர் அனுப்பும் வழக்கு நோட்டிஸை வாங்கிக்கொள்ளவும் சம்மதிக்கிறீர்கள். மதுரையில் உட்கார்ந்து டிக் செய்தாலும் அதுதான். மீறல் நிரூபணமானால், பதிவு செய்யப்பட்ட ஒரு படைப்புக்குப் பொதுவாக 750 முதல் 30,000 டாலர் வரை நீதிமன்றம் விதிக்கலாம். வேண்டுமென்றே செய்தது என்றால் 1,50,000 வரை போகும்.

முகவரி வெளியே போவதுதான் கவலை என்றால், உங்கள் சார்பில் ஒரு வக்கீலே கவுண்டர் நோட்டிஸை அனுப்ப யூடியூப் அனுமதிக்கிறது. செலவுதான், ஆனால் பணம் கேட்டு மிரட்டும் ஆளிடம் இதைத்தான் செய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்து. பெயரையோ முகவரியையோ மாற்றி எழுதுவது வழியே இல்லை. நோட்டிஸ் செல்லாமல் போகும்.

யூடியூப் நோட்டிஸை ஏற்று அனுப்பிய பிறகு, புகார்தாரருக்கு அமெரிக்கக் கணக்கில் 10 வேலை நாள். சனி, ஞாயிறு, அங்குள்ள அரசு விடுமுறை சேர மாட்டாது; எனவே குறைந்தது இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் வழக்குப் போட்டதற்கான ஆதாரத்தை அவர் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும், ஸ்ட்ரைக்கும் நீங்கும். வழக்கு ஆதாரம் வந்துவிட்டால் வீடியோ திரும்பாது. "அமெரிக்கக் கோர்ட் நம்மை என்ன செய்யும்" என்று வழக்கு நோட்டிஸைத் தூக்கிப் போடாமல், அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். நீங்கள் ஆஜராகாவிட்டால் எதிர்த்தரப்பு சொல்வதை மட்டும் வைத்தே தீர்ப்பு வந்துவிடும்.