பழைய 20 மெகாஹேர்ட்ஸ் ஸ்கோப்: அந்தச் சின்னக் குமிழ் பற்றி மட்டும்

ஹட்டனில் இருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் இருக்கிற மாதிரியே ஒரு பழைய இரட்டைத் தட ஆசிலோஸ்கோப்பை, அதாவது மின்னலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் மெஷினை, இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு, இதையே விலைக்கு வாங்கலாமா என்று கேட்கிறார். இத்தனை வருடமாக வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கோடு அழகு, மெஷின் கல்லு மாதிரி, பனிக்காலத்தில் சுழல் சுவிட்சில் ஈரம் ஏறினால் கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலு தரம் திருப்பினால் சரியாகிவிடும். என் கோபமெல்லாம் திரையின் ஒரு கட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று வைக்கிற TIME/DIV குமிழின் நடுவில் குந்தியிருக்கிற VAR என்ற குட்டிக் குமிழ் மேல்தான்.

அந்தத் தம்பி தோட்டத்துக் கோவில் அம்ப்ளிஃபயர் ஒன்றைத் திறந்து வைத்திருந்தார், திருவிழா நேரம், ஸ்பீக்கரில் ஒரே உறுமல். வடிகட்டிக் கொண்டென்சரில் புரோபை வைத்து, AC இணைப்பில் போட்டு, திரையைப் படம் எடுத்து அனுப்பினார். முதல் படத்தில் கோட்டில் ஒரு துண்டுதான் இருந்தது. ஸ்கோப்பில் குற்றமில்லை. கட்டத்துக்கு 5 மில்லி செக்கனில் பத்துக் கட்டத்தைக் கடக்கப் புள்ளிக்கு 50 மில்லி செக்கன் வேண்டும், ஃபோன் அதற்குள் ஷட்டரை மூடிவிடுகிறது. கையால் அமைக்கும் மோடில் 1/10 செக்கன் வைத்து, லைட்டை அணைத்து, கொஞ்சம் தள்ளி நேராக நின்று எடுக்கச் சொன்னேன். சாய்த்து எடுத்தால் பழைய குழாயில் கோடும் கட்டமும் ஒன்றுக்கொன்று விலகித் தெரியும்.

இரண்டாவது படம் தெளிவு. ரம்பப்பல் மாதிரி அலை, மேலிருந்து கீழ் 4.4 கட்டம் (ஒரு கட்டத்தில் ஐந்து சின்னப் பிரிவு, ஒவ்வொன்றும் 0.2), ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு 2.6 கட்டம். VOLTS/DIV 50 மில்லி வோல்ட்டில், புரோப் வருவதைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கிற x10 இல். ஆக 4.4 × 50 = 220 மில்லி வோல்ட், அதைப் பத்தால் பெருக்கினால் உச்சத்திலிருந்து அடிவரை 2.2 வோல்ட். AC இணைப்பு என்பதால் இது சிற்றலை மட்டும், அதன் கீழே நிற்கிற நேர் மின்னழுத்தம் படத்தில் இல்லை. புரோப் சுவிட்ச் படத்தில் விழாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேரத்தில்தான் சிக்கல். 2.6 × 5 = 13 மில்லி செக்கன். "77 ஹேர்ட்ஸ் வருது அண்ணே" என்றார். நம் ஊர் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதன் ஒரு சுற்று 20 மில்லி செக்கன். கரண்டை நேர் மின்னாக மாற்றுகிற டயோட் பிரிட்ஜ் ஒழுங்காக வேலை செய்தால் சிற்றலை 100 ஹேர்ட்ஸ், பாதி போனால் 50. மின்வலுவிலிருந்து வருகிற சிற்றலைக்கு 77 என்று ஓர் இடமே கிடையாது. அப்படியொரு எண் வந்தால் VAR குமிழ் அளவு சரியாக நிற்கிற CAL கிளிக்கில் இல்லை என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது கிளிக்கை விட்டு நகர்ந்தால் கோடு ஓடும் வேகம் குறைந்து அலைகள் நெருங்கிவிடும், TIME/DIV குறியோ ஒன்றும் நடக்காதது போல 5 என்றே காட்டிக்கொண்டிருக்கும். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனாலும் படம் வீணில்லை. நேரக் குமிழ்களைத் தொடாமல், தரைக் கிளிப்பை இருந்த இடத்திலேயே விட்டு, புரோப் முனையை மட்டும் டிரான்ஸ்ஃபோமரின் இரண்டாம் சுற்றின் ஒரு முனைக்கு மாற்றி இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். (இரண்டு புரோபின் கிளிப்பையும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் மாட்டாதீர்கள், இரண்டும் ஸ்கோப்புக்குள் ஒன்றுதான், பிரிட்ஜின் ஒரு டயோட் குறுக்காகிவிடும். மெயின்ஸ் பக்கம் போகவே வேண்டாம்.) அதிலும் ஒரு சுற்று சரியாக 2.6 கட்டம். அளவுகோல் எவ்வளவு சுருங்கியிருந்தாலும் கவலையில்லை, சிற்றலையின் காலமும் கரண்டின் காலமும் ஒன்று, 20 மில்லி செக்கன். அதாவது பாதி அலைதான் போகிறது, பிரிட்ஜில் ஒரு டயோட் திறந்திருக்கிறது. 4700 மைக்ரோஃபரட் கொண்டென்சர், அரை அம்பியர் சுமை என்று போட்டுப் பார்த்தால் 0.5 × 0.02 ÷ 0.0047, ஏறக்குறைய 2.1 வோல்ட். திரையில் 2.2. கணக்கு ஒத்துவந்தது, டயோட் மாற்றினார், உறுமல் அடங்கியது.

இப்போது வாங்கலாமா? வேண்டாம் தம்பி. கோட்டைப் படம் எடுத்து இன்னொருவருக்கு அனுப்பி வேலை பார்க்கிறவருக்கு, வோல்ட்டும் நேரமும் திரையிலேயே எழுதிக் காட்டுகிற டிஜிட்டல்தான் சரி. என்னுடையதை யாராவது கேட்டால் கொடுக்க மாட்டேன், அது வேறு கதை. சொன்னதைக் கேட்காமல் வாங்குவதாக இருந்தால், கொண்டுவந்த அன்றே CAL முனையில் புரோபைத் தொட்டு, 1 கிலோஹேர்ட்ஸ் சதுர அலையின் ஒரு சுற்று கட்டத்துக்கு 0.2 மில்லி செக்கனில் ஐந்து கட்டம் வருகிறதா பாருங்கள். வந்ததும் அந்த VAR குமிழ் மேல் கறுப்பு டேப்பை இறுக்கி ஒட்டிவிடுங்கள். சானலுக்கு ஒன்றாக VOLTS/DIV குமிழின் நடுவிலும் இதே VAR இருக்கிறது, அதற்கும் சேர்த்து.