மாதவிலக்குக்கு முந்தைய வாரமும் கையில் ஒட்டிய சென்சாரும்: ஒன்றரை ஆண்டு அனுபவம்

எனக்கு 37 வயது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை கல்லூரி நாள்களிலிருந்தே உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் உறுதியானது. காலையிலும் இரவிலும் மெட்ஃபார்மின் மாத்திரை, இரவு பத்து மணிக்கு 14 யூனிட் கிளார்ஜின் இன்சுலின் என்பதுதான் என் மருந்து. மாதத்தில் பல நாள்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரை 110க்கும் 120க்கும் இடையில் அடங்கி நிற்கும். பிறகு திடீரென்று ஒரு வாரம் 150ஐத் தொடும். சாப்பாட்டில்தான் ஏதோ தவறு செய்கிறேன் என்று நினைத்து, அந்த வாரம் முழுவதும் இரவு உணவை அரை வயிறாகக் குறைத்துக்கொள்வேன். அப்படியும் இறங்காத சர்க்கரை, சில நாள்களில் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். இதன் காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான், மேல்கையின் பின்புறம் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை இரவும் பகலும் அளந்து அலைபேசியில் காட்டும் 14 நாள் சென்சாரை வாங்கத் தொடங்கினேன்.

ஒரு சென்சாருக்கே சில ஆயிரம் ரூபாய் ஆவதால் மாதம் முழுவதும் அணிவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. முதல் இரண்டு சென்சார்களையும் கையில் பணம் இருந்தபோது, நாள் பார்க்காமல் ஒட்டினேன். வரைபடங்கள் கிடைத்தனவே தவிர, அவற்றிலிருந்து எதுவும் விளங்கவில்லை. மாதவிலக்கு தொடங்கிய நாளை ஒன்று என்று வைத்து, சமையலறை நாள்காட்டியில் நாள் எண்ணை எழுதி, அதன் பக்கத்திலேயே காலைச் சர்க்கரையையும் குறிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் படங்களுக்குப் பொருள் கிடைத்தது.

உணவுதான் காரணமா என்பதைப் பிரித்து அறிய, இரவு உணவை மாற்றாமல் வைத்துக்கொண்டேன்: மூன்று இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், எட்டு மணி. ஒன்பதாம் நாளில் இதே உணவுக்குப் பிறகு சர்க்கரை 165 வரை ஏறி, இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. இருபத்து நான்காம் நாளில் அது 215 வரை போனது. நள்ளிரவு கடந்தும் 170க்குக் கீழே வரவில்லை. மறுநாள் காலை 148. தட்டில் இருந்தது ஒன்றுதான், மாறியிருந்தது உடல். கருமுட்டை வெளியேறிய பிறகு புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் கூடுகிறது. அந்த நாள்களில் பலருக்கு உடல் இன்சுலினுக்குச் சரியாக மசிவதில்லை. எனக்கோ நீர்க்கட்டியோடு வந்த இன்சுலின் எதிர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது; அதன்மேல் இதுவும் ஏறிக்கொள்கிறது. எல்லாப் பெண்களுக்கும் இப்படி நடப்பதில்லை. என்னைப் போலவே இன்சுலின் போடும் தோழி ஒருத்திக்கு மூன்று மாதக் குறிப்பிலும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

மூன்று சுழற்சிகளின் குறிப்புகளை என் மருத்துவரிடம் காட்டினேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை தொடர்ந்து இரண்டு நாள் 130ஐத் தாண்டினால், அன்றிரவு முதல் 14 யூனிட்டை 16 ஆக்கச் சொன்னார். அது என் எடை, என் மருந்துகள், என் அளவுகளைப் பார்த்து அவர் சொன்ன கணக்கு; இதை வாசித்துவிட்டு யாரும் தாமாகவே இன்சுலினைக் கூட்டிவிடக் கூடாது. அடுத்த மாதம் அந்த மோசமான வாரம் 120க்கும் 130க்கும் இடையில் அமைதியாகக் கழிந்தது. பிரச்சினை தீர்ந்தது என்றே நம்பினேன்.

மாதவிலக்கு தொடங்கிய அன்றிரவு மூன்று மணிக்கு அலைபேசி அலறியது. சென்சார் 61 என்று காட்டியது. சென்சார் இருக்கும் கையின்மேல் படுத்துத் தூங்கினால் அந்த இடம் அழுந்தி, இல்லாத தாழ்வைக் காட்டும் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆகவே முதலில் அப்படித்தான் இருக்குமென்று நினைத்தேன். ஆனால் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தபோது குளுக்கோமீட்டர் 64 என்றது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தேன்: 88. மறுநாள் இரவும் அதேபோல் 68 வரை இறங்கியது.

மாதவிலக்குக்கு முந்தைய உயர்வைப் பற்றிச் சொல்பவர்கள், அது முடியும்போது ஏற்படும் இந்தச் சரிவைப் பற்றிப் போதிய அளவு எச்சரிப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து. உதிரப்போக்கு தொடங்கும் முன்பே புரோஜெஸ்டிரோன் விழத் தொடங்கிவிடுகிறது. உடல் மறுபடியும் இன்சுலினுக்கு மசிகிறது. ஆனால் கிளார்ஜின் போன்ற நீண்டநேர இன்சுலினில் இன்று குறைத்த அளவு முழுமையாகத் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். உதிரம் கண்ட பிறகு குறைப்பது எனக்குத் தாமதமான செயலாகிவிடுகிறது. இப்போது, அடிவயிற்று வலியோ இலேசான கறையோ தெரிந்தாலும், காலைச் சர்க்கரை ஒரே நாளில் 20 அளவுக்கு இறங்கினாலும், இரண்டில் எது முந்துகிறதோ அன்றிரவே 14க்குத் திரும்பிவிட வேண்டும் என்று மருத்துவரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். பெரும்பாலும் சர்க்கரைதான் ஒரு நாள் முந்துகிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு ஏழு சுழற்சிகளில் ஒரே ஒரு முறைதான் 70க்குக் கீழே போயிருக்கிறது.

சென்சாரை எப்போது ஒட்டுவது என்பதிலும் ஒரு பாடம் கிடைத்தது. பதினைந்தாம் நாள் ஒட்டினால் பின்பாதி முழுவதும் பதிவாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒரு மாதம் சுழற்சி 46 நாள் நீண்டது. சென்சார் காலாவதியாகும் வரை எந்த உயர்வும் இல்லை. நீர்க்கட்டி உள்ளவர்களுக்குக் கருமுட்டை தாமதமாக வெளியேறலாம், வெளியேறாமலும் போகலாம். அது வெளியேறாத வரை இந்த உயர்வுக்கான ஹார்மோனும் வருவதில்லை. அதன் பிறகு, படுக்கையை விட்டு எழும் முன்பே நாக்கின் கீழ் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறேன். உடல் வெப்பம் 0.3 டிகிரி செல்சியஸ் போல உயர்ந்து மூன்று நாள் அப்படியே நின்றால் மட்டுமே புதிய சென்சாரைப் பிரிக்கிறேன்.

சென்சாரின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒட்டிய முதல் நாள் அது காட்டும் எண்ணை வைத்து நான் எந்த முடிவும் எடுப்பதில்லை. தோலுக்கடியில் உள்ள நீரில்தான் அது சர்க்கரையை அளக்கிறது. எனவே சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் இரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். சித்திரை வெயிலில் வியர்வையால் ஒன்று ஒன்பதாம் நாளே கழன்று விழுந்தது. குளுக்கோமீட்டரை இன்னும் நான் ஓரங்கட்டவில்லை.

ஆனால் ஒரு தவறான முடிவிலிருந்து அது என்னைக் காப்பாற்றியது. சென்ற ஆண்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சதவீதமாகக் காட்டும் HbA1c இரத்தப் பரிசோதனை எனக்கு 7.8 என்று வந்தபோது, மருந்தைக் கூட்டும் பேச்சு எழுந்தது. சர்க்கரை கூடும் பின்பாதியில் அணிந்த சென்சாரே சராசரியாக 155 என்றுதான் காட்டியிருந்தது. அது ஏறக்குறைய 7.0க்குத்தான் சமம். அந்த மாதங்களில் எனக்கு உதிரப்போக்கு மிகுதியாக இருந்ததைச் சொன்னதும் மருத்துவர் ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார். 9.2 இருந்தது, இரும்புச்சத்தும் குறைவு. இரும்புச்சத்துக் குறைபாட்டால் அந்தப் பரிசோதனை எண் உண்மையைவிடக் கூடுதலாக வரக்கூடும் என்று அவர் விளக்கினார். மருந்தை மாற்றாமல், மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்ட பிறகு பார்த்தபோது அது 7.1 ஆக இருந்தது.